வட்டிச் சான்றிதழில் வரி கூடுதலாக இருந்தால் வங்கிக்கு எழுதவேண்டிய கடிதம்

அம்பாசமுத்திரத்தில் ஓய்வு பெற்று வாழும் ஓர் ஆசிரியையின் கணக்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வயது 66. பணிக்கொடையும் சேமநல நிதியுமாக வந்த பணத்தை ஊரிலுள்ள ஒரு வங்கிக் கிளையில் இரண்டு எஃப்டியாகப் போட்டிருக்கிறார். ஒன்று 10 லட்சம், மற்றொன்று 5 லட்சம். இரண்டுக்கும் ஆண்டுக்கு 7.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்கில் வரவாகிறது. பெரிய எஃப்டிக்குக் காலாண்டுக்கு 18,000 ரூபாய், சின்னதற்கு 9,000. ஆக 2024-25 நிதியாண்டு முழுவதற்கும் வட்டி 1,08,000 ரூபாய்.

இந்த வட்டியில் வங்கி 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டவேண்டும். இதைத்தான் டிடிஎஸ் என்கிறோம். அந்த ஆண்டில் 60 வயதைக் கடந்தவருக்கு ஒரு வங்கியிலிருந்து வரும் டெபாசிட் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தம் உண்டு. (2025 ஏப்ரல் 1 முதல் இந்த வரம்பு 1 லட்சம்.) ஆசிரியையின் ஆண்டு வட்டி வரம்பைத் தாண்டும் என்பது ஆரம்பத்திலேயே தெரிவதால், வங்கி முதல் காலாண்டிலிருந்தே பிடிக்கிறது. காலாண்டுக்கு 1,800 + 900 = 2,700 ரூபாய். நான்கு காலாண்டுக்கு 10,800.

ஆனால் கிளை அச்சிட்டுக் கொடுத்த வட்டிச் சான்றிதழில் வட்டி 1,08,000, பிடித்த வரி 12,600 என்று இருக்கிறது. 1,800 ரூபாய் கூடுதல்.

கூடுதலாக வரி கட்டியதாகச் சான்றிதழ் சொன்னால் நமக்கு நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அந்தச் சான்றிதழை யாரும் இணைத்து அனுப்புவதில்லை. வங்கி தன் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையில் நம் பான் எண்ணுக்கு எதிரே எவ்வளவு என்று காட்டியிருக்கிறதோ, அந்தத் தொகை 26ஏஎஸ் என்ற பட்டியலில் ஏறும். துறை அதை வைத்துத்தான் வரவு கொடுக்கும். ஆசிரியை சான்றிதழை நம்பி 12,600 என்று எழுதினால், பெங்களூரிலுள்ள மையப் பரிசீலனை அலுவலகம் 10,800-ஐ மட்டும் ஏற்றுக்கொண்டு 1,800-ஐ வெட்டிவிடும். திரும்பி வரவேண்டிய தொகை இருந்தால் அது குறையும். இல்லையென்றால் 1,800 ரூபாய் கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். அதை 30 நாளுக்குள் கட்டாவிட்டால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும், பின்னால் எந்த ஆண்டிலாவது வரவேண்டிய ரீஃபண்டிலும் அதைக் கழித்துக்கொள்வார்கள்.

மூன்று தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

கடிதம் எழுத உட்காருவதற்கு முன்னால் எந்தத் தாளில் தவறு என்று கண்டுபிடிக்கவேண்டும். இதைச் செய்யாமல் எழுதும் கடிதங்கள்தான் பெரும்பாலும் பலனில்லாமல் போகின்றன. பார்க்கவேண்டியவை மூன்று: பாஸ்புக், வட்டிச் சான்றிதழ், 26ஏஎஸ்.

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி, டிடிஎஸ் என்று பற்று வைத்த வரிகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். பற்றுக்குப் பிறகு அதே தொகை வரவாக வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நம் உதாரணத்தில் ஜூன் 30, செப்டம்பர் 30, மார்ச் 31 ஆகிய நாள்களில் 1,800-ம் 900-மாக ஒழுங்காக இருக்கின்றன. டிசம்பர் 31-இல் மட்டும் 1,800 இரண்டு முறை பற்றாகி, 900 ஒருமுறை பற்றாகியிருக்கிறது. ஜனவரி 6-ஆம் தேதி 1,800 ரூபாய் வரவு. அந்த வரியில் REV அல்லது REVERSAL என்பது போன்ற எழுத்து இருக்கக்கூடும். அதாவது, தவறாக இரண்டாம் முறை பிடித்ததைக் கிளை கண்டுபிடித்து உடனே திருப்பி வைத்துவிட்டது. பணத்தில் குறையில்லை. உண்மையில் போன வரி 10,800-தான்.

சான்றிதழ் ஏன் 12,600 காட்டுகிறது என்பதும் இப்போது விளங்கிவிடும். பிடித்த பற்றுகளை எல்லாம் கூட்டியிருக்கிறது, திருப்பி வைத்த வரவைக் கழிக்கவில்லை. கூடுதல் தொகை ஒரு எஃப்டியின் ஒரு காலாண்டு வரிக்குச் சரியாகப் பொருந்தினால், பெரும்பாலும் இரட்டைப் பதிவுதான் காரணமாக இருக்கும். வருமானம் வரிவரம்புக்குள் இருக்கும் மூத்தவர்கள் கொடுக்கும் 15எச் படிவத்தைத் தாமதமாகப் பதிந்துவிட்டு, பிடித்த வரியைக் கிளை திருப்பி வைக்கும்போதும் இதே மாதிரி நடக்கலாம். பான் எண் பதிவாகாமல் 20 சதவீதம் பிடித்திருந்தால் கதை வேறு. அப்போது தொகை கூடத்தான் செய்யும், ஆனால் பாஸ்புக்கிலும் அப்படியே இருக்கும்.

26ஏஎஸ் எடுக்க incometax.gov.in தளத்தில் உள்நுழைந்து e-File, பிறகு Income Tax Returns, அதில் View Form 26AS என்று போகவேண்டும். அங்கிருந்து TRACES என்ற தளம் திறக்கும். அதில் Assessment Year 2025-26 என்று தேர்ந்தெடுக்கவேண்டும். நிதியாண்டு 2024-25 என்றால் மதிப்பீட்டு ஆண்டு அதற்கு அடுத்தது. இந்த இடத்தில் 2024-25 என்றே தேர்ந்தெடுத்துவிட்டு, முந்தைய ஆண்டுத் தொகையைப் பார்த்துக் குழம்புவது அடிக்கடி நடக்கிறது. பட்டியலில் வங்கியின் பெயருக்குக் கீழே 194A என்ற பிரிவும், ஒவ்வொரு காலாண்டுக்கும் கொடுத்த வட்டியும் பிடித்த வரியும் அரசுக்குக் கட்டிய வரியும் இருக்கும். கிளையின் ஊர் பெயர் இருக்கவேண்டுமென்பதில்லை. பல வங்கிகள் ஓரிடத்திலிருந்து எல்லாக் கிளைகளுக்கும் அறிக்கை கொடுக்கின்றன.

எப்போது பார்ப்பது என்பது முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்கான அறிக்கையைக் கொடுக்க வங்கிக்கு மே 31 வரை நேரம் உண்டு. ஏப்ரலிலேயே 26ஏஎஸ் பார்த்தால் மூன்று காலாண்டுதான் ஏறியிருக்கும், அதாவது 8,100 ரூபாய். சான்றிதழில் 12,600, இதில் 8,100 என்று பார்த்துவிட்டு, 4,500 ரூபாயைக் காணோம் என்று புகார் எழுதினால் கிளைக்கும் புரியாது, நமக்கும் புரியாது. ஜூன் 15-க்குப் பிறகு பார்ப்பது நல்லது. கடைசிக் காலாண்டுக்கான 16ஏ படிவத்தை வங்கி கொடுக்கவேண்டிய கெடுவும் அதே ஜூன் 15-தான். 16ஏ என்பது TRACES தளத்திலிருந்து இறங்கும் டிடிஎஸ் சான்றிதழ், வருமான வரித் துறைக்குப் போன கணக்கை ஒட்டி வருவது. வட்டிச் சான்றிதழ் கிளையின் மென்பொருள் அச்சிடும் தாள். இரண்டும் முரண்பட்டால் துறை 16ஏ பக்கம்தான் நிற்கும்.

நம் உதாரணத்தில் ஜூன் மூன்றாம் வாரம் 26ஏஎஸ் பார்த்தபோது நான்கு காலாண்டும் தலா 2,700, மொத்தம் 10,800 என்று இருக்கிறது. பாஸ்புக்கும் 26ஏஎஸும் ஒத்துப்போகின்றன. சான்றிதழ் மட்டும்தான் தவறு. ஆகவே கடிதத்தில் கேட்கவேண்டியதும் சான்றிதழை மட்டும்தான்.

கடிதம்

கவுன்டரில் போய், "கூடுதலா பிடிச்ச டிடிஎஸ்ஸைச் சரி பண்ணிக் குடுங்க" என்று கேட்டால் வரும் பதில் தெரிந்ததே: "டீச்சர், பிடிச்சது கவர்மென்ட்டுக்குப் போயிட்டு. இனி எங்க கையில இல்ல, ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கிடுங்க." அவர் சொல்வது பொய்யில்லை. கூடுதலாகப் பிடித்து அரசுக்குக் கட்டிய வரிக்கு அதுதான் பதில். ஆனால் இங்கே கூடுதலாக எதுவும் பிடிபடவில்லை, தாளில் மட்டும் தவறாக அச்சாகியிருக்கிறது. கேள்வி தவறாகப் போனதால் பதிலும் தவறாக வருகிறது. அதனால் கடிதத்தின் முதல் பத்தியிலேயே, பணம் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்
(பெயர்), ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியை,
(முகவரி), அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கியின் பெயர்), அம்பாசமுத்திரம் கிளை.

நாள்: 18-06-2025

பொருள்: 2024-25 நிதியாண்டு வட்டிச் சான்றிதழில் பிடித்த வரி ரூ.1,800 கூடுதலாகக் காட்டப்பட்டுள்ளது – திருத்திய சான்றிதழ் வேண்டுதல்.

பார்வை: தங்கள் கிளை வழங்கிய (தேதி) நாளிட்ட வட்டிச் சான்றிதழ்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கிளையில் எனக்கு இரண்டு வைப்புக் கணக்குகள் உள்ளன (எண்கள்: ………, ………). என் வாடிக்கையாளர் எண் ………, பான் எண் ……….. பார்வையில் கண்ட சான்றிதழில் வட்டி ரூ.1,08,000 என்பது சரியாக உள்ளது. பிடித்த வரி ரூ.12,600 என்பது தவறு. அது ரூ.10,800 என்று இருக்கவேண்டும். நான் பணம் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. சான்றிதழைத் திருத்தித் தருமாறு மட்டுமே கேட்கிறேன்.

தவறு நேர்ந்த இடம்: 31-12-2024 அன்று முதல் வைப்புக்கான வரி ரூ.1,800 இரண்டு முறை என் சேமிப்புக் கணக்கில் பற்று வைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று 06-01-2025 அன்று திருப்பி வரவு வைக்கப்பட்டது. சான்றிதழின் கூட்டுத்தொகையில் இந்த வரவு கழிக்கப்படவில்லை. 26ஏஎஸ் பட்டியலில் நான்கு காலாண்டுக்கும் தலா ரூ.2,700 வீதம் ரூ.10,800 சரியாகவே பதிவாகியுள்ளது. ஆகவே வருமான வரித் துறைக்குத் தாங்கள் அளித்த டிடிஎஸ் அறிக்கையில் மாற்றம் எதுவும் தேவையில்லை.

ஆகவே, (1) பிடித்த வரி ரூ.10,800 என்று காட்டும் திருத்திய வட்டிச் சான்றிதழை, முந்தைய சான்றிதழ் ரத்து செய்யப்பட்டது என்ற குறிப்புடன் வழங்குமாறும், (2) நான்கு காலாண்டுக்குமான 16ஏ படிவ நகல்களை வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டியிருப்பதால் 02-07-2025-க்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இணைப்பு: தவறான சான்றிதழின் நகல், 31-12-2024, 06-01-2025 பதிவுகள் உள்ள பாஸ்புக் பக்க நகல், 26ஏஎஸ் நகல்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இந்தக் கடிதத்தில் இரண்டு வாக்கியங்களை யாரும் விட்டுவிடக் கூடாது. வட்டித் தொகை சரி என்று சொல்வது ஒன்று. அதைச் சொல்லாவிட்டால் முழுச் சான்றிதழையும் சந்தேகிப்பதாக எடுத்துக்கொண்டு வேறொரு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். டிடிஎஸ் அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்பது மற்றொன்று. கிளை இந்தக் கடிதத்தை டிடிஎஸ் பிரிவுக்கு அனுப்பும். அங்கே இருப்பவர் பாஸ்புக்கைப் பார்க்காமல், "1,800 கூடுதல்" என்பதை மட்டும் படித்துவிட்டு, சரியாக இருக்கிற அறிக்கையிலிருந்து 1,800-ஐக் குறைத்துவிட்டால் 26ஏஎஸ் 9,000 ஆகிவிடும். ஒரு தாளில் இருந்த தவறு அரசின் பதிவுக்கே போய்விடும், அதை மீட்க மாதங்கள் ஆகும்.

வட்டியையும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அது சரியென்று எழுதவேண்டும். சான்றிதழில் முழு வட்டி 1,08,000 இருக்கவேண்டும், வரி போக மீதி 97,200 அல்ல. கணக்கில் காட்டவேண்டியதும் முழு வட்டியைத்தான்.

கடிதம் தமிழில் இருப்பதில் ஒரு தடையும் இல்லை. மேலிடத்தில் தமிழ் தெரியாதவர் படிக்க நேரலாம் என்பதால் தேதியும் தொகையும் இலக்கத்திலேயே இருக்கட்டும். ஆதார் நகல் இதற்குத் தேவையில்லை, இணைக்காதீர்கள். மூலச் சான்றிதழையும் கொடுத்துவிட வேண்டாம், நகல் போதும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்காலத்தில் வங்கிகளில் இடமாற்றம் அதிகம். மே மாதம் வாயால் சொன்னதை ஜூலையில் இருப்பவர் அறியமாட்டார். முத்திரையிட்ட பிரதி வேறொன்றுக்கும் வேண்டும்: 30 நாளாகியும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம் என்பதற்கு அந்தப் பிரதிதான் சான்று.

திருத்தம் எப்படி வரவேண்டும்

சில இடங்களில் பழைய தாளிலேயே 12,600-ஐப் பேனாவால் அடித்து 10,800 என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டுக் கொடுப்பார்கள். நல்ல மனத்தோடு செய்வதுதான், ஆனால் வாங்காதீர்கள். மென்பொருளில் பழைய தொகையே இருக்கும், பிற்பாடு வேறொரு தேவைக்கு அச்செடுத்தால் மறுபடி 12,600 வரும். எத்தனை முறை அச்செடுத்தாலும் பழைய தொகையே வருகிறது என்று கிளை சொன்னால், வங்கியின் முகப்புத்தாளில் ஒரு கடிதம் கேளுங்கள். 2024-25-இல் பிடித்துக் கட்டிய வரி 10,800 என்றும், இன்ன தேதியிட்ட சான்றிதழின் 12,600 தவறு என்றும் அதில் இருந்தால் அதுவே போதும்.

புதுத் தாள் கையில் வந்ததும் இரண்டு எஃப்டி எண்களும் சரியா என்று பாருங்கள். பெயர், பான், நிதியாண்டு, வட்டி, வரி ஐந்தையும் 26ஏஎஸுடன் ஒப்பிட்டுவிட்டு, வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ உங்கள் ஆடிட்டர் யாரோ அவருக்கு அதையே அனுப்புங்கள். பழைய நகல் ஏற்கெனவே அவரிடம் போயிருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பாஸ்புக் வேறு கதை சொன்னால்

இதுவரை பார்த்தது ஒரு நிலைமை. பாஸ்புக்கில் 1,800 இரண்டு முறை பற்றாகி, திரும்ப வரவே இல்லை, 26ஏஎஸில் 10,800 மட்டும் இருக்கிறது என்றால் சான்றிதழில் தவறில்லை. உண்மையிலேயே 12,600 பிடித்திருக்கிறார்கள், 1,800 அரசுக்குப் போய்ச் சேரவில்லை அல்லது உங்கள் பெயரில் ஏறவில்லை. அப்போது மேலே உள்ள கடிதத்தை அனுப்பவே கூடாது. 1,800-ஐக் கணக்கில் திருப்பி வையுங்கள், அல்லது அரசுக்குக் கட்டிவிட்டு டிடிஎஸ் அறிக்கையைத் திருத்துங்கள் என்று கேட்கவேண்டும். நம்மிடம் பிடித்துவிட்ட வரியை மறுபடி நம்மிடமே கேட்கக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்ட அந்தச் சான்றிதழும் பாஸ்புக்கும் தேவைப்படும் என்பதால் அவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பாஸ்புக்கில் 10,800, 26ஏஎஸிலும் சான்றிதழிலும் 12,600 என்பது மூன்றாவது நிலைமை. இது அரிது. கணினி ஏற்றுக்கொள்ளும் என்பதற்காக 12,600 எழுதிவிடாதீர்கள். வங்கி பின்னால் தன் அறிக்கையைத் திருத்தும்போது உங்கள் வரவும் குறைந்து, பழைய ஆண்டுக்கு வரி கேட்டு அறிவிப்பு வரக்கூடும். வங்கிக்கு எழுதுங்கள், இந்த முறை அறிக்கையையும் சேர்த்துத் திருத்தச் சொல்லி.

2026 ஏப்ரல் 1 முதல் கிடைக்கும் வட்டிக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுவதால், அந்தக் காலத்துக்கான கடிதத்தில் 194A, 16ஏ என்றெல்லாம் எழுதாமல், "வட்டியில் பிடித்த வரி", "டிடிஎஸ் சான்றிதழ்" என்று எழுதினாலே கிளைக்குப் புரியும்.

தவறான சான்றிதழை வைத்து 12,600 என்று ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டவர்கள், அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவேண்டாம். 2024-25 நிதியாண்டுக் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய 2025 டிசம்பர் 31 வரை சட்டம் இடம் கொடுத்தது. அந்தத் தேதி கடந்து, 1,800 ரூபாய் கேட்டு அறிவிப்பும் வந்துவிட்டதென்றால், முதலில் பாஸ்புக்கைப் பாருங்கள். ஜனவரி 6-இன் 1,800 வரவு அதில் இருக்கிறதென்றால் அறிவிப்பு சரிதான், 30 நாளுக்குள் கட்டிவிடவேண்டியதுதான். வரவு இல்லையென்றால் தளத்தில் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை என்று பதில் போட்டுவிட்டு, அன்றைக்கே வங்கிக்கு இரண்டாவது வகைக் கடிதத்தை எழுதவேண்டும்.